சின்ன சைற்றில் களஞ்சியப் பதிவேடு: சீமெந்து எங்கே போகுது என்று கண்டுபிடிப்பது எப்படி? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

கிளிநொச்சி, மாங்குளம், ஒட்டுசுட்டான் பக்கங்களில் வீடு, பாலர் பாடசாலை, கிணற்றுக்கட்டு போன்ற சின்ன வேலைகளை மேற்பார்வை செய்து வருகிறேன். வீட்டுக்காரரும் களஞ்சியத்துக்குப் பொறுப்பாக நிற்கிற பொடியளும் என்னிடம் கேட்கிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே கீழே எழுதியிருக்கிறேன். பதில்களில் சீமெந்தைத்தான் கூடுதலாக எடுத்துக்கொண்டேன். சின்ன வேலையில் காசு கரைவது அங்கேதான், சீமெந்துக் கணக்கு பிடிபட்டவருக்கு மணலும் கம்பியும் தானாகப் பிடிபடும்.

அண்ணை, ரெண்டு மேசன், நாலு கூலியாள் நிக்கிற வேலை. இதுக்கும் ஒரு பதிவேடு வேணுமோ?

வேணும். பெரிய சைற்றில் வாசலில் காவல், கணக்குக்கு ஒருவர், சாமான் வாங்க இன்னொருவர் என்று ஆள் இருக்கும், ஒருவர் விட்டதை மற்றவர் பிடிப்பார். சின்ன சைற்றில் இது எல்லாமே ஒரே ஆள். அந்த ஆள் மத்தியானம் சாப்பிடப் போகிற ஒரு மணித்தியாலத்துக்குள் கலவைக்கு ரெண்டு பை போய்விடும். பின்னேரம் அது யாருக்கும் நினைவிருக்காது. மூன்று கிழமை கழித்து "சீமெந்து முடிஞ்சுது" என்று மேசன் சொல்லும்போது வீட்டுக்காரர் எல்லாரையும் சந்தேகிப்பார், ஆனால் யாரிடமும் எதையும் காட்டிக் கேட்க அவரிடம் ஒன்றும் இருக்காது.

என்ன கொப்பி, எத்தினை கோடு கீறோணும்?

கடையில் விற்கிற தடித்த மட்டை சீ.ஆர். கொப்பி ஒன்று போதும். முதலில் எல்லாப் பக்கத்துக்கும் இலக்கம் போடுங்கள், பிறகு யாரும் தாள் கிழிக்க முடியாது. ஒரு பொருளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். சீமெந்துக்கு மட்டும் பத்துப் பக்கம் விடுங்கள். கோடுகள்: திகதி, வந்தது, யாரிடமிருந்து (சிட்டை இலக்கத்தோடு), கொடுத்தது, என்ன வேலைக்கு, வாங்கினவர் கையொப்பம், பழுது, மிச்சம்.

இதில் பலர் விட்டுவிடுவது "என்ன வேலைக்கு" என்ற கோடு. "மேசனுக்கு 5 பை" என்று எழுதினால் அந்த வரியால் பிறகு ஒரு பிரயோசனமும் இல்லை. "கிழக்குச் சுவர் வெளிப்பூச்சு, 5 பை" என்று எழுதினால், கிழமை முடிவில் அந்தச் சுவரை அளந்து ஐந்து பையும் அங்கே இருக்கிறதா என்று பார்க்கலாம். இந்தப் பதிவேட்டின் உயிர் அந்த ஒரு கோட்டில் இருக்கிறது.

பேனையால் எழுதுங்கள். பிழை வந்தால் ஒரு கோட்டால் வெட்டி, பக்கத்தில் சரியானதை எழுதி, சின்னக் கையொப்பம் வையுங்கள். வெள்ளை மை பூசின பக்கத்தை நான் கணக்காக எடுப்பதில்லை.

லொறி வந்தால் சிட்டையில இருக்கிறதை அப்பிடியே எழுதினால் போதும்தானே?

போதாது. சிட்டை என்பது கடைக்காரர் அனுப்பினதாகச் சொல்வது, பதிவேடு என்பது நீங்கள் பெற்றது. பை இறங்க இறங்க ஒருவர் பக்கத்தில் நின்று ஐந்து ஐந்தாகக் கோடு போடவேண்டும். இறங்கின பையைப் பத்துப் பத்து வரிசையாக அடுக்கினால் இரண்டாவது எண்ணிக்கையும் தன்பாட்டில் கிடைத்துவிடும். கிழிந்த பை, நனைந்த பை இருந்தால் சிட்டையிலேயே எழுதி, சாரதியிடமும் கையொப்பம் வாங்கின பிறகு லொறியை விடுங்கள்.

மணலுக்கு இது இன்னும் முக்கியம். எங்கள் பக்கம் மணல் கியூப் கணக்கில்தான் வரும். ஒரு கியூப் என்றால் 100 கன அடி. டிப்பர் கொட்டுவதற்கு முன் பெட்டிக்குள் ஏறி மணலை மட்டமாக்கி, நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கிப் பாருங்கள். மேலே கூம்பாகக் குவிந்திருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம், ஓரங்கள் பெரும்பாலும் பள்ளமாக இருக்கும். வாகன இலக்கத்தோடு மணல் கொண்டுவந்த அனுமதிப்பத்திர இலக்கத்தையும் எழுதுங்கள். அனுமதி இல்லாமல் ஏற்றின மணல் என்று பிறகு பிரச்சினை வந்தால், அந்த இலக்கம் உங்கள் கையில் இருக்கவேணும்.

ஒவ்வொரு முறையும் கையொப்பம் கேட்டால் மேசன் கோபிக்கிறார். என்ன செய்யிறது?

ஒரு நாளைக்கு இரண்டு நேரம் வையுங்கள்: காலை வேலை தொடங்கும்போது ஒன்று, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று. அந்த நேரத்தில் அரைநாளுக்குத் தேவையான பையைக் கேட்டு எடுக்கச் சொல்லுங்கள். ஒன்று கூடத் தேவைப்பட்டால் வந்து கேட்கலாம், ஆனால் அதுவும் எழுதப்படும். வயதான மேசனிடம் "பாஸ், உங்களை நம்பாமல் இல்லை. நாளைக்கு வீட்டுக்காரர் கேட்டால் உங்களுக்காக நான் பேச இது வேணும்" என்று சொல்லிப் பாருங்கள். அது உண்மையும்கூட. கணக்கு இல்லாத சைற்றில் பழி முதலில் விழுவது மேசன் மேல்தான்.

வெறும் பையையும் எண்ணச் சொல்லுறீங்கள். அது ஏன்?

கொடுத்த பை எத்தனையோ, அத்தனை வெறும் பை பின்னேரம் களஞ்சியத்துக்குத் திரும்பி வரவேண்டும். 6 கொடுத்து 6 வெறும் பை வந்தால், கொடுத்த சீமெந்து குறைந்தபட்சம் சைற்றுக்குள் உடைக்கப்பட்டிருக்கிறது. 6 கொடுத்து 5 வந்தால், ஒரு முழுப்பை எங்கோ ஒதுங்கியிருக்கிறது, அல்லது ஒரு வெறும் பையை யாரோ வேறு தேவைக்கு எடுத்துவிட்டார். 7 வந்தால் எழுதாமல் ஒரு பை எடுத்திருக்கிறார்கள். அது களவு இல்லை, பதிவேட்டின் பிழை.

வெறும் பையில் ஊருக்குத் தேவை இருக்கிறது என்பது உண்மைதான். யாராவது கேட்டால் கிழமைக் கணக்கு முடிந்த பிறகு கொடுங்கள், அதற்கு முன் கொடுக்க வேண்டாம்.

எவ்வளவு சீமெந்து பிடிக்கும் எண்டு எனக்குத் தெரியாதே. பிறகு கூடக் குறைய எண்டு எப்பிடிச் சொல்லுறது?

நாலு எண் தெரிந்தால் சின்ன வேலை முழுவதையும் பார்க்கலாம். 50 கிலோ பை ஒன்று ஏறத்தாழ 1¼ கன அடி. அதனால்தான் அளவுப் பெட்டியை 1¼ கன அடிக்குச் செய்கிறோம், ஒரு பைக்கு ஒரு பெட்டி என்று கணக்கு நேராக வரும். 1:2:4 கொன்கிறீற் 100 கன அடிக்கு ஏறக்குறைய 18 பை வேணும். 6 அங்குலச் சீமெந்துக் கல்லுச் சுவர், 1:5 சாந்தில், ஒரு சதுரத்துக்கு (100 சதுர அடிக்கு) முக்கால் பை அளவில் போகும். பூச்சு, 1:5 சாந்தில் 5/8 அங்குலத் தடிப்பில், ஒரு சதுரத்துக்கு ஒரு பை.

கடைசி எண் எங்கிருந்து வருகிறது என்று ஒருமுறை நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 சதுர அடியை 5/8 அங்குலத் தடிப்பில் பூசினால் சாந்து ஏறத்தாழ 5.2 கன அடி. ஈரச் சாந்து ஒரு கன அடி செய்ய, காய்ந்த மணலும் சீமெந்தும் சேர்த்து அதைவிட மூன்றில் ஒரு பங்கு கூட வேணும், அதனால் 6.9 கன அடி. அதில் ஆறில் ஒரு பங்கு சீமெந்து, 1.15 கன அடி. பை ஒன்று 1.25. சுவரின் பள்ளங்களை நிரப்பவும் கீழே விழுவதற்கும் சேர்த்தால் ஒரு பை சரியாக வரும். இந்தக் கணக்குத் தெரிந்தால் தடிப்பு மாறும்போது பை எப்படி மாறும் என்பதும் விளங்கும். அதன் அருமை அடுத்த கேள்வியில் தெரியும்.

கிழமை முடிவில கணக்குப் பார்க்கச் சொன்னீங்கள். ஒரு உதாரணம் காட்டுங்கோ.

என் கையால் பார்த்த ஒன்றையே சொல்கிறேன். மாங்குளத்துக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் 30 அடிக்கு 20 அடி பாலர் பாடசாலை. சுவர் 10 அடி உயரம். கதவு, யன்னல் கழித்தால் நாலு சுவருக்கும் சேர்த்து வெளிப்பக்கம் எட்டரைச் சதுரம், உட்பக்கமும் ஏறத்தாழ அவ்வளவுதான். அந்தக் கிழமை பூச்சு வேலை மட்டும்தான் நடந்தது. திங்கட்கிழமை காலை மிச்சம் 22 பை. புதன்கிழமை 40 வந்தது. கிழமை முழுவதும் கொடுத்தது 20. ஆகவே சனிக்கிழமை பதிவேட்டின்படி 42 இருக்கவேணும். எண்ணினால் 40. வெறும் பை 20. சுவரை அளந்தால் வெளிப்பக்கம் முழுவதும், உள்ளே ஐந்தரைச் சதுரமும், மொத்தம் 14 சதுரம் பூசியிருக்கிறது.

இங்கே இரண்டு ஓட்டை இருக்கிறது, இரண்டையும் கலக்கக்கூடாது. முதலாவது, பதிவேட்டுக்கும் எண்ணிக்கைக்கும் இடையில் 2 பை. இது களஞ்சியத்தின் ஓட்டை: வரவு, பூட்டு, எழுத்து இவற்றில் எங்கோ தவறியிருக்கிறது. இரண்டாவது, 14 சதுரத்துக்கு 14 பை பிடிக்கவேண்டிய இடத்தில் 20 போயிருக்கிறது. இது வேலை நடக்கும் இடத்தின் ஓட்டை. வீட்டுக்காரர் பெரும்பாலும் இரண்டையும் கூட்டி "எட்டுப் பை களவு போச்சு" என்று சொல்லிவிடுவார். அந்தக் கிழமையும் அப்படித்தான் பேச்சு கிளம்பியது, ஒரு கூலியாளின் பெயரும் அடிபட்டது.

அப்ப அந்த ஆறு பை எங்கை போனது?

சுவருக்குள் போனது. யன்னல் ஓரங்களில் பூச்சின் விளிம்பு தெரியும், அங்கே பத்து இடத்தில் தடிப்பை அளந்தேன். நேற்றுப் பூசின ஈரமான இடங்களில் ஆணி குத்திப் பார்த்தேன். சராசரி 7/8 அங்குலம் வந்தது. ஐந்து பங்கு இருக்கவேண்டிய இடத்தில் ஏழு பங்கு. 14 பையை 1.4 ஆல் பெருக்கினால் 19.6. கொடுத்த 20க்கு அது சரியாக வருகிறது. கிழக்குச் சுவருக்குத் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால், மேலே போகப்போகச் சுவர் உள்ளுக்குச் சாய்ந்திருந்தது. கல்லு வைக்கும்போது தூக்கு சரியாகப் பார்க்கப்படவில்லை. பூச்சு மேசன் அந்தச் சாய்வைத் தன் சாந்தால் நிமிர்த்தியிருக்கிறார். அவர் செய்தது நல்ல வேலை, அதற்காகத்தான் அவர்மேல் சந்தேகம் விழுந்தது.

வெறும் பை 20 வந்திருந்ததே முதல் தடயம். கொடுத்த பையெல்லாம் சைற்றுக்குள் உடைந்திருக்கிறது என்றால் சுவரை அளக்காமல் ஆளைச் சந்தேகிக்க இடமே இல்லை. மிச்சச் சுவர்களைப் பூச முதல் தூக்குப் பார்த்து, எவ்வளவு கூடப் பிடிக்கும் என்று முன்கூட்டியே பதிவேட்டில் எழுதி வைத்தோம்.

மற்ற ரெண்டு பை?

அது கசப்பான கதை. புதன்கிழமை பின்னேரம் மழைக்குள் லொறி வந்திருக்கிறது. பொறுப்பான பொடியன் அன்று மாங்குளத்துக்கு ஆணி வாங்கப் போயிருந்தான். கையொப்பம் வைத்தது ஒரு கூலியாள். எல்லாரும் தறப்பாள் போடுகிற அவசரத்தில் நின்றார்கள், ஒருவரும் எண்ணவில்லை. பொடியன் வந்து சிட்டையைப் பார்த்து 40 என்று எழுதிவிட்டான். வரிசையைப் பார்த்தால் மூன்று வரிசை பத்து, நாலாவது எட்டு. அதை அடுத்த நாளே ஒருவர் பார்த்திருக்கிறார், "ரெண்டைக் கலவைக்கு எடுத்திருப்பினம்" என்று நினைத்து விட்டுவிட்டார். ஆனால் வெறும் பைக் கணக்கு அப்படிச் சொல்லவில்லை.

கடைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. கையொப்பம் இருக்கிறது என்றார், அவர் பக்கம் அது நியாயம். 38தான் வந்தது என்று நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. வந்த அன்று இரவே எண்ணியிருந்தால் தொலைபேசியில் பேசியாவது பார்த்திருக்கலாம். அந்த இரண்டு பையின் காசை நான்தான் கொடுத்தேன். அதற்குப் பிறகு சீமெந்தை மட்டும் ஒவ்வொரு பின்னேரமும் எண்ணுகிறோம், இரண்டு நிமிஷ வேலை. பொறுப்பானவர் இல்லாத நேரம் வருகிற லொறியை அவர் வரும்வரை காத்திருக்கச் சொல்கிறோம்.

எவ்வளவு கழிவு வந்தால் பரவாயில்லை?

சீமெந்துக்கு நூற்றுக்கு 2, 3. கல்லுக்கு 5. மணலுக்கு 10 வரை, ஏனென்றால் மணலில் அடிமட்டம் மண்ணோடு கலந்து போய்விடும், மாரியில் ஓடியும் போகும். கம்பிக்கு 3 முதல் 5. நான் வைத்துக்கொள்கிற அளவு இதுதான்.

ஆனால் இந்த நூற்றுக்கூற்றைப் பொறுப்பாளரிடம் சொல்லிவிட வேண்டாம். சொன்னால் ஒவ்வொரு கிழமையும் கழிவு சரியாக நூற்றுக்கு 3 என்றே வரும். கழிவு அது நடந்த அன்றே, காரணத்தோடு எழுதப்பட வேண்டும்: "இறக்கும்போது 4 கல் உடைந்தது", "மழை வந்து அரைத் தாச்சி சாந்து இறுகியது". கிழமைக் கடைசியில் குறைவை நிரப்ப எழுதுகிற கழிவு, கழிவு இல்லை.

மாரியில சீமெந்து இறுகிப் போச்சு. அதை எப்பிடிக் கழிக்கிறது?

முதலில் உண்மையாகவே பழுதா என்று பாருங்கள். பையின் அடியில் கட்டியாக இருந்து, விரலால் நசித்தால் மாவாகிவிட்டால், அது அடுக்கின பாரத்தால் இறுகினது, பாவிக்கலாம். நசித்து உடையாத கட்டி இருந்தால் அந்தப் பையை பீமுக்கோ லின்ரலுக்கோ தொடவே வேண்டாம். பழுது என்று எழுதின பையை வீட்டுக்காரர் கண்ணால் பார்க்கும்வரை வெளியே வீசாமல் வையுங்கள், பார்த்தவர் பழுதுக் கோட்டில் கையொப்பம் வைக்கட்டும். இல்லாவிட்டால் "பழுது" என்ற சொல்லுக்குப் பின்னால் நல்ல பையும் வெளியே போகும்.

எங்கள் பக்கம் ஐப்பசியில் தொடங்குகிற மழை தை வரை விட்டு விட்டுப் பெய்யும். தகரக் கொட்டிலில் நிலத்திலிருந்து அரையடி உயரத்தில் பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி, பத்துப் பைக்கு மேல் உயராமல் அடுக்குங்கள். முதல் வந்தது முதல் போகவேணும். அதற்காக ஒவ்வொரு வரிசைக்கும் வந்த திகதியைக் கரியால் எழுதி விடுங்கள். மூன்று மாதம் தாண்டின சீமெந்து நல்ல கொட்டிலில் இருந்தாலும் வலு குறையும். கறையான் பலகையை அரிக்கும், அதையும் கிழமைக்கு ஒருமுறை பாருங்கள்.

ஈர மணல் கூடக் காட்டுமாமே, உண்மையோ?

உண்மை. இலேசாக ஈரமான மணல் உப்பி நிற்கும், கால் பங்கு வரைகூட அளவு கூடும். காய்ந்தாலோ, தண்ணீரில் முழுவதும் மூழ்கினாலோ பழைய அளவுக்கு இறங்கிவிடும். ஒரு நேரான வாளியில் ஈர மணலை 10 அங்குலம் போட்டு, தண்ணீர் ஊற்றிக் கலக்கி, அடங்க விடுங்கள். 8 அங்குலத்துக்கு இறங்கினால், உங்களுக்கு வந்த ஒரு கியூப் உண்மையில் 80 கன அடி. ஆற்றிலிருந்து நேரே வருகிற மணலை வந்தவுடன் இப்படிப் பார்த்து, இறங்கின அளவைப் பதிவேட்டில் எழுதுங்கள். விலை பேசும்போதும் உதவும். மணல் குறைகிறது என்று காவலாளியைக் கேள்வி கேட்க முதல் உங்களுக்கே பதில் கிடைத்துவிடும்.

எல்லாம் சரியா இருக்கு. கொடுத்தது, வெறும் பை, சுவரின்ர அளவு எல்லாம் ஒத்துப்போகுது. இன்னும் களவு நடக்கலாமோ?

நடக்கலாம். பையை உடைத்து, கலவையில் அரைவாசிக்குக் கொஞ்சம் கூடப் போட்டுவிட்டு, மிச்சத்தை வேறு பையில் கட்டி வேலிக்கு அப்பால் வைத்துவிடுவார்கள். பதிவேட்டில் பை சரி, வெறும் பையும் சரி, சுவரும் பூசியாகிவிட்டது. குறைந்தது சாந்தின் வலு மட்டும். மாசக்கணக்கில் கழித்துப் பூச்சை நகத்தால் சுரண்டினால் மணல் உதிரும்போதுதான் தெரியும்.

இதைக் கலவை போடும் இடத்தில் நின்று பார்த்துத்தான் பிடிக்கலாம், பைக்கு மணல் சரியாகப் போட்டிருந்தால் மணல் கணக்கும் சரியாகவே காட்டும். ஆனால் மணலைக் கூடப் போட்டுச் சாந்தை மெலிக்கிறார்களா என்பதை மணல் பக்கம் காட்டும். 1:5 சாந்துக்கு ஒரு பைக்கு 5 பெட்டி மணல், அதாவது 6¼ கன அடி. மணல் ஈரமாக இருந்தால், மேலே சொன்ன உப்பலால் 8 கன அடி வரை போவது நியாயம். ஒரு கியூப் மணல் முடியும்போது எத்தனை பை போயிருக்கிறது என்று பாருங்கள். 13 முதல் 16 என்றால் மணல் கணக்கு சரி. 10 பைதான் என்றால், ஒவ்வொரு பைக்கும் 10 கன அடி மணல் போயிருக்கிறது. ஈரத்தால் அதை விளங்கப்படுத்த முடியாது. மணல் வேறு எங்கோ போயிருக்கலாம், அல்லது கலவை மெலிந்திருக்கிறது. கலவை போடும் இடத்தில் அடுத்த நாள் காலை நில்லுங்கள், பெட்டி நிரப்புவதைப் பாருங்கள். பெட்டி இல்லாமல் சவளால் எண்ணிப் போடுகிறார்கள் என்றால் களவு பற்றி நினைக்க முதல் பெட்டியைக் கொடுங்கள்.

கம்பிக்கும் இதே மாதிரியோ?

கம்பியில் வெட்டுத்துண்டுதான் சிக்கல். 6 மீற்றர்க் கம்பியில் 1.7 மீற்றர்த் துண்டு மூன்று எடுத்தால் 0.9 மீற்றர் மிஞ்சும், அது நூற்றுக்கு 15. வெட்ட முதல் என்ன நீளம் எத்தனை வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி, ஒரு கம்பியில் எதையெதைச் சேர்த்து எடுக்கலாம் என்று பார்த்தால் பெரும்பகுதி மீளும். மிஞ்சின துண்டுகளுக்குப் பதிவேட்டில் தனிப் பக்கம் போட்டு, கட்டி, களஞ்சியத்துக்குள் வையுங்கள். வெளியே கிடந்தால் பழைய இரும்பு வாங்கும் வாகனம் ஊருக்குள் வருகிற நாளில் அது காணாமல் போகும், நல்ல கம்பியும் கூடவே போகும்.

வரும்போது எண்ணிக்கையோடு நிறையையும் பாருங்கள். 12 மி.மீ. கம்பி 6 மீற்றர் ஏறத்தாழ 5.3 கிலோ, பத்துக் கம்பி 53 கிலோ. கணிசமாகக் குறைந்தால் கம்பி மெல்லியது.

பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பை கடன் கேட்டால்? கூலியாள் தன்ர வீட்டுக்கு அரைப்பை கேட்டால்?

இங்கே எல்லாரும் ஒரே ஊர், இல்லை என்று சொல்வது கஷ்டம். கடைசிப் பக்கத்தைக் "கைமாற்று" என்று ஒதுக்குங்கள். கொடுக்க அனுமதி வீட்டுக்காரருடையது, பொறுப்பாளருடையது இல்லை. வாங்கினவர் கையொப்பம் வைக்கட்டும், திரும்ப வந்தால் அந்த வரியை வெட்டுங்கள். கூலியாளுக்குக் கொடுப்பதானால் அதையும் கேட்டு வாங்கும் வழியாக்குங்கள். அடுப்படித் திண்ணை மெழுக அரைப்பை தேவைப்பட்ட ஒருவர் அதைக் கேட்டு வாங்கின சைற்றும், கேட்க வெட்கப்பட்டு இரவில் எடுத்த சைற்றும் எனக்குத் தெரியும். இரண்டாவது இடத்தில் எடுத்தது அரைப்பை, ஆனால் பழகின பிறகு அது அரைப்பையோடு நிற்கவில்லை.

திறப்பும் பதிவேடும் ஒரே பொடியனிட்டத்தான் இருக்கு. அவனையே எப்பிடிப் பார்க்கிறது?

ஆமைப்பூட்டின் இரண்டாவது திறப்பை வீட்டுக்காரர் வைத்திருக்கட்டும். மாதத்தில் இரண்டு முறை, சொல்லாமல், சனிக்கிழமை அல்லாத ஒரு நாளில் வந்து சீமெந்தை எண்ணி, அன்றைய வரிக்குக் கீழே தன் கையால் எண்ணிக்கையை எழுதிக் கையொப்பம் வைக்கட்டும். அதோடு கொப்பியின் முகத்தையும் பார்க்கவேணும். அன்றன்றைக்கு எழுதின பக்கத்தில் மை மாறும், எழுத்துச் சாயும், சீமெந்து விரல் படிந்திருக்கும். ஒரு கிழமை முழுவதும் ஒரே மையில், ஒரே அழுத்தத்தில், வெட்டே இல்லாமல் இருந்தால் அது சனிக்கிழமை இரவு உட்கார்ந்து எழுதினது. அப்படி எழுதினவன் கள்ளன் என்று முடிவுகட்ட வேண்டாம், பெரும்பாலும் அவனுக்கு வேறு வேலை கூடக் கொடுத்திருப்பீர்கள். ஆனால் அந்தக் கிழமைக் கணக்கை நம்ப வேண்டாம், எண்ணிக்கையிலிருந்து புதிதாகத் தொடங்குங்கள்.

ஆளை நேரே பிடிச்சாச்சு. என்ன செய்யிறது?

கூட்டத்துக்குள் பேச வேண்டாம். பதிவேட்டை விரித்து, அவரோடு தனியே இருந்து, எந்த வரியில் எத்தனை குறைகிறது என்று காட்டுங்கள். சந்தேகம் மட்டும் இருந்தால் பெயர் சொல்லவே கூடாது. பாலர் பாடசாலைக் கதையில் பெயர் அடிபட்ட கூலியாள் ஒரு குற்றமும் செய்யாதவர். அவருடைய பிள்ளை அந்தப் பாடசாலைக்குத்தான் போக இருந்தது. தூக்குக்குண்டு விட்டுப் பார்க்க ஒரு நாள் பிந்தியிருந்தால் அவர் வேலையை விட்டுப் போயிருப்பார்.

வேலை முடிஞ்ச பிறகு பதிவேட்டை என்ன செய்யிறது?

கடைசி நாள் மிச்சம் எல்லாம் எண்ணி, ஒவ்வொரு பொருள் பக்கத்துக்கும் கீழே மூன்று எண்ணை எழுதுங்கள்: மொத்தம் வந்தது, வேலைக்குப் போனது, மிஞ்சினது. பிறகு சீமெந்துப் பக்கத்தில் வேலை வாரியாகக் கூட்டுங்கள்: அத்திவாரத்துக்கு இத்தனை பை, சுவருக்கு இத்தனை, பூச்சுக்கு இத்தனை. ஒவ்வொன்றையும் சதுரத்தால் பிரித்தால், உங்கள் மேசனுக்கு, உங்கள் மணலுக்கு உண்மையில் எவ்வளவு பிடிக்கிறது என்ற உங்கள் சொந்த எண் கிடைக்கும். அடுத்த வீட்டுக்கு சீமெந்து எழுதும்போது நான் மேலே தந்த எண்களை விட்டுவிட்டு அதையே பாவியுங்கள். கொப்பியை நனையாத இடத்தில் வையுங்கள், சிட்டைகளை அதே மட்டைக்குள் கட்டி.